‘கிடைத்தது’ என்னும் வினையும் வணிக அறிக்கையின் துல்லியமும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில வணிக எழுத்தில் ‘கெட்’, ‘காட்’ ஆகிய வினைவடிவங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பல செயல்களைச் சுட்டுகின்றன. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தமிழ் அறிக்கைகளில் இவ்விடத்தைக் கிடை, வா, வாங்கு, ஆகு என்னும் நான்கு வினைகள் பிடித்துக்கொள்கின்றன. இவ்வினைகள் செயலைச் செய்தவரையும் செயல் நின்ற நிலையையும் எவ்வாறு மறைக்கின்றன, அவற்றிற்கு ஈடாக எவ்வினைகளை ஆளலாம், வினைத் தேர்வு சட்ட, கணக்கு விளைவுகளை எங்ஙனம் மாற்றுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டு அறிக்கையின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வணிகத் தமிழ், வினைத் தேர்வு, கிடை, வாங்கு, நான்காம் வேற்றுமை, பின்னலாடை, திருப்பூர்.

முன்னுரை

திருப்பூரில் ஒரு பனியனோ டி-சர்ட்டோ ஒரே கூரையின்கீழ் உருவாவது அரிது. நூல் ஓரிடத்தில் வாங்கப்படும். நிட்டிங் மற்றோரிடத்தில் நடக்கும். சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி ஆகியவை தனித்தனி உரிமையாளர்களிடம் இருக்கும். வெட்டலும் தையலும் மட்டும் பெரும்பாலும் ஏற்றுமதியாளரின் கையில் இருக்கும். ஆகவே இத்தொழிலின் அறிக்கை என்பது ஒரு பொருள் யாரிடமிருந்து யாருக்கு எந்த நிலையில் சென்றது என்பதன் பதிவேயாகும். கைமாற்றமே செய்தி. அந்தக் கைமாற்றத்தைச் சுட்டும் வினை மழுங்கியிருந்தால் அறிக்கையில் எஞ்சுவது குறைவே.

மெர்ச்சன்டைசர் எனப்படும் ஆணை மேற்பார்வையாளர் வெளிநாட்டு வாங்குநருக்கு ஆங்கிலத்திலும், நிறுவன உரிமையாளருக்குத் தமிழிலும் எழுதுகிறார். ஆங்கிலத்தில் ஆணை, துணி, ஒப்புதல், பணம் ஆகிய நான்கிற்கும் ‘காட்’ என்றே எழுத முடிகிறது. சேதமானதையும் தாமதமானதையும்கூட அதே வினையால் சொல்லலாம். ஆங்கில நடைக் கையேடுகள் இதனைக் கொச்சை என்று விலக்குவது வழக்கம். குறை கொச்சைத்தன்மையில் இல்லை. அவ்வினை ஒன்றுமே சொல்லாமல் சொன்னதுபோல் தோற்றமளிப்பதில் இருக்கிறது. தமிழில் இதே தோற்றத்தைத் தரும் வினைகள் கொச்சையாகவும் ஒலிப்பதில்லை என்பதால் அவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

எடுத்துக்காட்டு அறிக்கை

விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட ஓர் அறிக்கைப் பத்தி வருமாறு. இதன் அளவுகளும் நாள்களும் கற்பனையே. நடை மட்டும் இத்தொழிலில் புழங்குவது.

“புது ஆர்டர் கிடைத்துவிட்டது. நூல் வாங்கியாயிற்று. சாயப்பட்டறையிலிருந்து துணி வாங்கிவிட்டோம். போன ஷிப்மெண்டுக்குப் பேமெண்ட் வந்துவிட்டது. கொஞ்சம் துணி டேமேஜ் ஆகிவிட்டதால் தையல் லேட் ஆகிறது.”

ஐந்து தொடர்களும் இலக்கணப் பிழையற்றவை. படிப்பவருக்கு நிறைவையும் தருகின்றன. எனினும் இப்பத்தியைக் கொண்டு உரிமையாளர் ஒரு முடிவும் எடுக்க இயலாது.

கிடை: செய்பவர் இல்லாத வினை

‘கிடை’ செயப்படுபொருள் குன்றிய வினை. ‘நிறுவனத்திற்கு ஆணை கிடைத்தது’ என்னும் தொடரில் எழுவாய் ‘ஆணை’. நிறுவனம் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. அளித்தவருக்கு இத்தொடரில் கட்டாய இடம் இல்லை. பெற்றவரும் செயல் எதுவும் செய்யவில்லை. மழை கிடைத்தது, இடம் கிடைத்தது என்பவற்றைப் போல ஆணையும் தானாக நேர்ந்ததாகிறது. ‘பெறு’ இதற்கு மாறானது. ‘நிறுவனம் ஆணையைப் பெற்றது’ என்னும்போது நிறுவனம் எழுவாயாகிறது; ‘யாரிடமிருந்து’ என்ற வினா உடனே எழுகிறது. அலுவலக நடையில் ‘பெறப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையாக்கினால் அந்நலனும் போய்விடும். கண்ணியமாக ஒலிக்கும் அவ்வடிவம் பெற்றவரையும் நீக்கிவிடுவதால், துல்லியத்தில் அது ‘கிடைத்தது’ என்பதைவிட மேம்பட்டதன்று.

தொல்காப்பியம் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று இரத்தற் சொற்களை, கேட்பவர் கொடுப்பவரினும் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்பதைக் கொண்டு பிரித்துக் காட்டுகிறது. கொடுத்தலைச் சுட்டும் சொல்லில் இத்தகைய நுண்வேறுபாட்டை மரபு கருதியிருக்க, பெறுதலைச் சுட்டும் பெறு, கொள், ஏல், வாங்கு ஆகியவற்றின் வேறுபாட்டை இன்றைய வணிக நடை பயன்படுத்தாமல் விட்டிருப்பது வியப்பிற்குரியது. அவ்வேறுபாடு இங்கே தேவைப்படுவது தகுதி பற்றியன்று, நிலை பற்றியது.

ஆணை தொடர்பில் குறைந்தது மூன்று நிலைகள் உள்ளன. வாங்குநர் மாதிரி வடிவத்தை அனுப்பி விலை கேட்பது முதல்நிலை, இது விசாரிப்பே. வாங்குநர் அளவு, விலை, அனுப்பும் நாள் ஆகியவற்றைக் குறித்த கொள்முதல் ஆணையை அனுப்புவது இரண்டாம் நிலை. ஏற்றுமதியாளர் அதனை ஏற்பது மூன்றாம் நிலை. முதலிரு நிலைகளிலும் ‘ஆர்டர் கிடைத்துவிட்டது’ என்று பேச்சில் சொல்லிவிடுகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஏற்பு என்பது நிபந்தனையற்றதாகவும் முழுமையானதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ‘ஆணையை ஏற்கிறோம், அனுப்பும் நாளை மட்டும் பத்து நாள் தள்ளித் தருக’ என்று எழுதும் ஏற்றுமதியாளர் ஏற்கவில்லை, எதிர்முன்மொழிவு வைக்கிறார். அதன் பிறகு வாங்குநர் மறுமொழி தராதவரை ஒப்பந்தம் பிறப்பதில்லை. அந்த இடைவெளியில் நூலுக்கு முன்பணம் கட்டியவர், ‘கிடைத்தது’ என்ற சொல்லை நம்பிக் கட்டியவராகிறார்.

ஆகவே இத்தொடரை ‘விசாரித்தனர்’, ‘ஆணை அனுப்பினர்’, ‘ஏற்றோம்’, ‘திருத்தம் கோரினோம்’ என்னும் வினைகளுள் பொருந்தும் ஒன்றால் எழுதுவது தகும். ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை ‘ரிசீவ்டு’, ‘அக்செப்டட்’ என்னும் இரு வினைகள் தாங்குகின்றன. தமிழில் ‘ஏல்’ பழைய வழக்கில் கொடையைக் கைநீட்டிப் பெறுதலையும் குறித்தது. இன்று அது உடன்படுதலையே முதன்மையாகச் சுட்டுவதால் ‘அக்செப்டட்’ என்பதற்கு அதனை ஒதுக்கி, பெறுதலுக்குப் ‘பெறு’ என்பதை வைத்துக்கொள்ளலாம்.

வாங்கு: விலைக்கா, திரும்பவா?

திருப்பூர் வழக்கில் மிகுந்த குழப்பம் தரும் வினை இதுவே. சங்க இலக்கியத்தில் ‘வாங்கு’ வளைத்தல், இழுத்தல் என்னும் பொருளில் பயின்றது. தன்பால் இழுத்தல் என்பதிலிருந்து கைக்கொள்ளலும், பின்னர் விலைக்குக் கொள்ளலும் கிளைத்ததாகக் கொள்ளலாம். இன்று விலைக்குக் கொள்ளலும் வெறுமனே கைக்கொள்ளலும் ஒரே வினையில் தங்கியுள்ளன. கடையில் வாங்குவதும் வாங்குதல். கடன் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதும் வாங்குதல்.

எடுத்துக்காட்டில் ‘நூல் வாங்கியாயிற்று’ என்பது கொள்முதல். ‘துணி வாங்கிவிட்டோம்’ என்பது கொள்முதலன்று. துணி முன்பே ஏற்றுமதியாளருக்கு உரியது. சாயமேற்றுவதற்காகப் பட்டறைக்குச் சென்று திரும்பியிருக்கிறது. அங்கே விலைக்கு வந்தது சாயமேற்றும் பணி மட்டுமே. முதலாவது சரக்கிருப்பைக் கூட்டும், இரண்டாவது கூட்டாது. சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்கிற்கு வரி செலுத்தாமல் அனுப்பிய இடுபொருள் ஓராண்டிற்குள் திரும்ப வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கருதப்படும். டெலிவரி சலான் எண்ணோடு ‘அனுப்பினோம்’, ‘திரும்பப் பெற்றோம்’ என்று எழுதியிருந்தால் இக்கணக்கு அறிக்கையிலிருந்தே தெரியும். ‘வாங்கினோம்’ என்பதில் அது புதைந்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் ஏவற்பொருள் வழக்கும் இங்கே சேர்கிறது. ‘துணிக்குச் சாயம் போட்டு வாங்கினோம்’ என்னும் பேச்சுவழக்கு ‘காட் இட் டைடு’ என்பதன் பணியைச் செய்கிறது. இத்தொடரில் சாயம் போட்டவர் யார் என்பது தொக்கு நிற்கிறது. கேட்பவர் ‘நாமே போட்டோம்’ என்றும் கொள்ளலாம். ‘சாயமேற்றுவித்தோம்’ என்னும் பிறவினை இலக்கணப்படி துல்லியமானது. எனினும் வணிக அறிக்கையில் அது சற்றே செயற்கையாக ஒலிக்கும். ‘சாயமேற்றக் கொடுத்தோம், சாயமேற்றிய துணியைத் திரும்பப் பெற்றோம்’ என்று இரு வினைகளாகப் பிரிப்பதே இயல்பு. பிரிக்கும்போது ஒரு நன்மையும் கூடவே வருகிறது: கொடுத்த எடை, பெற்ற எடை என இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன. 1000 கிலோ கிரே துணி கொடுத்து 940 கிலோ திரும்பியிருந்தால் 60 கிலோ எங்கே என்ற கேள்வி எழும். அதில் எவ்வளவு உடன்பட்ட செய்முறை இழப்பு, எவ்வளவு குறைவு என்பது பட்டறையோடு பேச வேண்டியது. ‘வாங்கிவிட்டோம்’ என்ற ஒற்றை வினைக்கு ஓர் எண்கூடத் தேவைப்படுவதில்லை.

பெற்றோமா, ஏற்றோமா?

திரும்பப் பெற்ற துணியை ஏற்றுக்கொண்டதாக அறிக்கை சொல்லலாமா என்பது வேறு வினா; இங்கேதான் வினைத் தேர்வு பணமாக மாறுகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்நிறுவன மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனத்திற்குரிய தொகையை எழுத்துமூல உடன்பாடு இருந்தாலும் ஏற்பு நாளிலிருந்து 45 நாளுக்குமேல் தாமதிக்கக் கூடாது. ஏற்பு நாள் என்பது பொதுவாகப் பொருள் ஒப்படைக்கப்பட்ட அல்லது பணி முடித்துத் தரப்பட்ட நாளே. ஆனால் அந்நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டால், அந்த ஆட்சேபம் நீக்கப்பட்ட நாளே ஏற்பு நாளாகும். ஆட்சேபம் எழுதப்படவில்லையென்றால் ஒப்படைத்த நாளிலேயே ஏற்றதாகச் சட்டம் கருதிக்கொள்ளும்.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். பட்டறை சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றது. 45 நாள் தவணைக்கு எழுத்துமூல உடன்பாடும் உண்டு எனக் கொள்க. ஜூன் 14 அன்று துணி திரும்பியது. நிறம், வாங்குநர் ஒப்பிய லேப் டிப்போடு பொருந்தவில்லை. ஜூன் 20 அன்று ஏற்றுமதியாளர் எழுத்தில் ஆட்சேபித்தார். பட்டறை மறுசாயமிட்டு ஜூன் 28 அன்று குறையை நீக்கியது. 45 நாள் ஜூன் 28 முதல் எண்ணப்படும். கெடு ஆகஸ்ட் 12. ஆட்சேபத்தைத் தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு அறிக்கையில் ‘துணி வாங்கிவிட்டோம்’ என்று எழுதியிருந்தால், எண்ணிக்கை ஜூன் 14 முதல் தொடங்கும். கெடு ஜூலை 29. இடையில் இரண்டு வாரம். கெடு தவறினால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டிவீதத்தின் மும்மடங்கில் மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டுவட்டி சேரும். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி பிரிவின் (எச்) உட்கூறு இதனை மேலும் இறுக்கியது: கெடு கடந்து நிற்கும் தொகையை, உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும்.

உள்ளறிக்கை ஆட்சேபக் கடிதத்திற்கு ஈடாகாது என்பது உண்மை. ஆனால் கடிதம் எழுத வேண்டும் என்று உரிமையாளருக்குத் தெரிவிப்பது அறிக்கையே. ‘ஜூன் 14 அன்று 940 கிலோ பெற்றோம், நிறம் ஒவ்வாமையால் ஏற்கவில்லை’ என்ற தொடர் அதைச் செய்கிறது. பெறு, ஏல் என்னும் இரண்டும் ஒரே தொடரில் எதிர்நிற்கும்போது அவற்றின் வேறுபாடு விளக்கமின்றியே புலனாகிறது.

வந்தது: பணம் எங்கே நிற்கிறது?

‘பேமெண்ட் வந்துவிட்டது’ என்னும் தொடரில் ‘வா’ இயக்கத்தைச் சுட்டுகிறது. வந்து சேர்ந்த இடத்தைச் சுட்டவில்லை. ஏற்றுமதியில் இத்தொடரைத் தூண்டக்கூடிய நிகழ்வுகள் பல. வாங்குநரின் வங்கி கடன் உறுதிக் கடிதத்தைத் திறந்திருக்கலாம். இது நிபந்தனைகள் நிறைவேறினால் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதி, பணமன்று. வாங்குநர் தவணைப் பில்லை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கலாம். இது முதிர்வு நாளில் செலுத்துவதாக ஏற்கும் பொறுப்பு. ஏற்றுமதியாளரின் வங்கி அந்தப் பில்லைத் தள்ளுபடியில் எடுத்துக்கொண்டு கணக்கில் தொகை சேர்த்திருக்கலாம். இந்த மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. வங்கிக் கணக்கில் தொகை உண்மையாகவே தெரிகிறது. ஆயினும் அது பெரும்பாலும் வாங்குநர் செலுத்தாவிடில் வட்டியோடு திரும்பப் பிடிக்கப்படும் தொகை, இயல்பில் கடன். வெளிநாட்டிலிருந்து தொகை வந்து அந்தக் கடன் தீரும்போதுதான் ஆங்கிலத்தில் ‘ரியலைஸ்டு’ எனப்படும் நிலை உண்டாகிறது. வங்கியின் ஏற்றுமதித் தொகைச் சான்றிதழ் அந்நிலைக்குரியது.

தமிழில் இவற்றைக் ‘கடன் உறுதிக் கடிதம் திறந்தனர்’, ‘பில்லை ஏற்றனர்’, ‘வங்கி பில்லைத் தள்ளுபடி செய்தது’, ‘தொகை வசூலானது’ என்று எழுதலாம். கடைசி நிலைக்குத் ‘தொகை கைவந்தது’ என்பது அழகியது. ஆனால் தணிக்கையாளருக்கு ‘வசூலானது’ என்பதே பழகிய சொல். நான்கு தொடர்களிலும் எழுவாய் மாறுவதைக் கவனிக்க வேண்டும்: வாங்குநரின் வங்கி, வாங்குநர், உள்ளூர் வங்கி, தொகை. பணம் யார் கையில் நிற்கிறது என்பதை எழுவாயே சொல்லிவிடுகிறது.

‘வந்துவிட்டது’ என்பதிலுள்ள ‘விடு’ என்னும் துணைவினையும் தனிக் கவனத்திற்குரியது. அது செயல் முற்றுப்பெற்றதை மட்டுமன்றி, சொல்பவரின் நிம்மதியையும் ஏற்றிச் சொல்கிறது. நேர்ப்பேச்சில் அது வேண்டிய ஒன்று. அறிக்கையில் அது ஒரு தீர்ப்பாகிவிடுவதால், நிலை முற்றுப்பெறாதபோது ‘விடு’ சேர்ப்பதைத் தவிர்ப்பது நலம்.

ஆகு: குற்றமற்ற சேதம்

‘டேமேஜ் ஆகிவிட்டது’, ‘லேட் ஆகிறது’ என்பவை ‘காட் டேமேஜ்டு’, ‘காட் டிலேய்டு’ ஆகியவற்றின் நேர் இணைகள். ஆங்கிலப் பெயரோடும் பெயரடையோடும் ‘ஆகு’ சேர்த்தால் எந்த இடரையும் யாருடைய செயலும் இல்லாத நிகழ்வாக்கிவிடலாம். உடன்பணியாற்றுபவரைக் காட்டிக்கொடுக்கத் தயங்கும் பண்பும் இவ்வழக்கில் கலந்திருக்கிறது, அத்தயக்கம் இயல்பானதே. ஆயினும் பெயரைச் சொல்லாமலே காரணத்தைச் சொல்லத் தமிழில் வினைகள் உண்டு. பின்னல் துணியில் ‘டேமேஜ்’ என்பது ஊசி முறிந்து விழுந்த கோடாக இருக்கலாம், எண்ணெய்க் கறையாக இருக்கலாம், சாயத் திட்டாக இருக்கலாம், லாரியில் நனைந்ததாக இருக்கலாம். ‘ஊசிக்கோடு விழுந்தது’ என்றால் கேள்வி நிட்டிங்கிற்குச் செல்லும். ‘திட்டு படிந்தது’ என்றால் சாயப்பட்டறைக்கு. ‘நனைந்தது’ என்றால் போக்குவரத்திற்கும் காப்பீட்டிற்கும்.

இவ்வேறுபாட்டின் பெரிய அளவிலான சான்றாக 2011ஐக் கொள்ளலாம். அவ்வாண்டு ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யல் மாசு வழக்கில் பிறப்பித்த ஆணையால் திருப்பூரின் சாய ஆலைகள் மூடப்பட்டன. அக்காலத்தில் ‘சாய வேலை நின்றுபோனதால் அனுப்புதல் தாமதமாகிறது’ என்று வாங்குநருக்கு எழுதுவதும், ‘நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டன; அதனால் அனுப்ப இயலவில்லை’ என்று எழுதுவதும் ஒன்றன்று. முன்னது நிறுவனத்தின் உள்கோளாறாகவும் படிக்கப்படலாம். பின்னது தவிர்க்க முடியாத புறக்காரணத்தைப் பெயர்சொல்லிக் காட்டுகிறது. இங்கே ‘மூடப்பட்டன’ என்னும் செயப்பாட்டு வினை பொருத்தமாகவே நிற்கிறது. மூடச் செய்த அதிகாரம் ‘ஆணையால்’ என்பதில் வெளிப்பட்டிருப்பதே காரணம். ‘பெறப்பட்டது’ என்பதன் குறை செயப்பாட்டு வடிவத்தால் வந்ததன்று, ‘யாரால்’ என்பது விடுபட்டதால் வந்தது.

திருத்திய வடிவம்

மேற்கண்டவற்றைக் கொண்டு பத்தியை மாற்றி எழுதினால் பின்வருமாறு அமையும்.

“12,000 உருப்படிக்கான கொள்முதல் ஆணையை வாங்குநர் ஜூன் 2 அன்று அனுப்பினார், அனுப்பும் நாளில் திருத்தம் கோரினோம், இன்னும் ஏற்கவில்லை. நூலின் பாதியைக் கொள்முதல் செய்தோம். சாயமேற்றக் கொடுத்த 1000 கிலோவில் 940 கிலோவை ஜூன் 14 அன்று திரும்பப் பெற்றோம். நிறம் ஒவ்வாமையால் ஏற்கவில்லை, ஆட்சேபக் கடிதம் அனுப்ப வேண்டும். முந்தைய அனுப்புதலுக்கான பில்லை வங்கி தள்ளுபடி செய்தது; வாங்குநரிடமிருந்து தொகை இன்னும் வசூலாகவில்லை. 35 கிலோவில் ஊசிக்கோடு விழுந்துள்ளது. மாற்றுத் துணி வரும்வரை தையலைத் தொடங்க இயலாது.”

பத்தி நீண்டுவிட்டது. முந்தைய வடிவத்தில் நிறைவுற்றதாகத் தோன்றியவற்றுள் நூல் நீங்கலாக மற்றவை நிறைவுறாதவை என்பதும், அந்த நூலும் பாதியே என்பதும் இப்போது தெரிகின்றன. வினையை மாற்றியவுடன் எண்ணும் நாளும் தேவைப்பட்டதால் எழுதுபவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டியிருந்தது. அறிக்கைகளில் மழுங்கிய வினைகள் நீடிப்பதற்கு மொழிப்பழக்கத்தைவிட இந்த உழைப்பைத் தவிர்க்கும் வசதியே பெரிய காரணம் எனலாம்.

‘கிடை’ நிற்க வேண்டிய இடம்

‘கிடை’ என்பதை அறிக்கையிலிருந்து முற்றாக நீக்குவது மற்றொரு பிழையாகும். ஒன்று எங்கும் உளதா, இலதா என்பதே செய்தியாக இருக்கும்போது அவ்வினைக்கு ஈடில்லை. ‘30ஆம் எண் பருத்தி நூல் இவ்வாரம் சந்தையில் கிடைக்கவில்லை’ என்னும் தொடரில் செய்பவர் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. இதனைத் ‘நூலைப் பெறவில்லை’ என்று மாற்றினால், முயன்றால் பெற்றிருக்கலாம் என்ற பொருள் நுழைந்து கொள்முதல் பிரிவின்மீது பழி விழும். ‘நூலைக் கொள்முதல் செய்யவில்லை’ என்றால் வேண்டாமென்று விட்டதாகவும் ஆகும். தையலுக்கு ஆள் கிடைக்கவில்லை, கப்பலில் கண்டெய்னருக்கு இடம் கிடைக்கவில்லை என்பனவும் இவ்வகையினவே. ஆனால் இங்கும் ஒரு வரம்பு உண்டு. ஆலை நூலை வைத்துக்கொண்டே, பழைய பாக்கி நிற்பதால் தர மறுத்திருந்தால் ‘நூல் கிடைக்கவில்லை’ என்பது பொருந்தாது. அப்போது எழுத வேண்டிய வினை ‘மறுத்தது’. அதன் எழுவாய் ஆலை.